60 லட்சம் அட்வான்ஸும் 96 போல்ட்டும்

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் போகும் சாலையில் கல் லாரிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கும்போதெல்லாம் ஒரு பலகை கண்ணில் படும். ‘ஷெட் வாடகைக்கு.’ கீழே சதுர அடிக் கணக்கு, ஒரு கைபேசி எண். நெல் விளைந்த நிலத்தில் ஷெட் போட்டு வாடகைக்கு விட்ட குடும்பங்களும், கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு நிறுவனங்களும் இந்தச் சாலையில் ஒருவரையொருவர் நம்பிப் பிழைக்கின்றன. வாடகை ஒழுங்காக வரும் வரை நட்பும் ஒழுங்காக இருக்கிறது. ஷெட்டைக் காலி செய்யும் மாதத்தில்தான் அது ஆட்டம் காண்கிறது.

காலியான ஷெட் ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். கூரையில் பதித்த வெளிச்ச ஷீட் வழியாக இறங்கும் ஒளியில் தரை முழுக்க மஞ்சள் கோடுகள். எந்திரம் நின்ற இடத்தில் எண்ணெய் குடித்துக் கறுத்த திட்டு. ரேக் நின்ற இடங்களில் வரிசை வரிசையாக, தரையோடு தரையாக அறுத்துவிட்ட போல்ட் தலைகள். ஷெட் உரிமையாளருக்கு இவையெல்லாம் செலவு. காலி செய்பவருக்கு, ‘ஆறு வருஷம் தொழில் நடந்த இடம் இப்படித்தான் இருக்கும்.’ இருவருக்கும் நடுவே உரிமையாளரின் வங்கிக் கணக்கில் அட்வான்ஸ் பணம் உட்கார்ந்திருக்கிறது.

இந்தத் தகராறில் யார் சொல்வது எடுபடும் என்பது குரலின் உயரத்தைப் பொறுத்ததல்ல. ஆறு ஆண்டுகளுக்கு முன் சாவி கைமாறிய நாளில் எழுதிய காகிதம் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த ஒப்படைப்புப் பதிவின் ஒவ்வொரு வரியோடும் இன்றைய பிடித்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் பொருத்திப் பார்க்க வேண்டும். பொருந்துவது நிற்கும், மற்றது உதிரும். அதை ஒரு கணக்கைக் கொண்டு பார்ப்போம். இதில் வரும் ஷெட், ஆட்கள், தொகைகள் எல்லாம் விளக்கத்துக்காக அமைத்தவை. சட்டமும் தீர்ப்புகளும் உண்மையானவை.

பிடித்தப் பட்டியல்

40,000 சதுர அடி ஷெட். 2012-ல் கட்டியது. முதல் வாடகைதாரர் ரேக் போட்டுக் கிடங்காக வைத்திருந்துவிட்டுப் போனார். இரண்டாவதாக, 2018 ஜூன் 1 அன்று ஓர் உதிரிபாக நிறுவனம் வந்தது. வாடகை மாதம் ₹10 லட்சம், அட்வான்ஸ் ஆறு மாத வாடகையான ₹60 லட்சம். 2024 மே 31 அன்று அது காலி செய்தது.

ஒரு வாரம் கழித்து உரிமையாளரிடமிருந்து ஒரு பக்கப் பட்டியல் வந்தது. தரை முழுவதும் தேய்த்து எப்பாக்சி பூச ₹18 லட்சம். 480 போல்ட் குழிகளை அடைக்க ₹1,68,000. எந்திரத்துக்காகத் தோண்டிய மூன்று குழிகளை மூட ₹4,50,000. கூரையில் டக்ட் போன எட்டு ஓட்டைகளுக்கு ஷீட் மாற்ற ₹3,60,000. பெயின்ட் ₹6 லட்சம். ஃபோர்க்லிஃப்ட் இடித்து வளைந்த ஷட்டருக்குப் பதில் புதுசு, ₹1,60,000. வேலைகளின் கூட்டுத்தொகை ₹35,38,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ₹6,36,840. வேலை நடக்கும் ஒரு மாதத்துக்கு வாடகை ₹10 லட்சம். மொத்தம் ₹51,74,840.

அட்வான்ஸில் மிஞ்சியது எட்டு லட்சத்துச் சொச்சம். “இது ரிப்பேர் செலவு இல்ல சார், புது ஷெட் செலவு” என்றார் காலி செய்த நிறுவனத்தின் மேலாளர். “நீங்க வந்தப்ப ஷெட் எப்படி இருந்துச்சுன்னு ஊருக்கே தெரியும்” என்றார் உரிமையாளர்.

ஊருக்குத் தெரிந்தது நீதிமன்றத்துக்கோ நடுவருக்கோ தெரியாது. அவர்கள் கேட்கப்போவது பதிவை.

சட்டம் சொல்லும் அளவுகோல்

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் 108-ஆம் பிரிவு, குத்தகைதாரரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. அதில் ‘எம்’ என்ற உட்பிரிவுதான் இந்தச் சண்டையின் அடித்தளம். சொத்து தன் கைக்கு வந்தபோது எந்த நிலையில் இருந்ததோ அதே நல்ல நிலையில் குத்தகைதாரர் அதைத் திருப்பித் தர வேண்டும். நியாயமான தேய்மானமும், தடுக்க முடியாத சக்தியால் வந்த சேதமும் மட்டும் விலக்கு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒப்பந்தம் முந்தும். ஒப்பந்தம் மௌனமாக இருந்தால் இந்தப் பிரிவு பேசும்.

‘கைக்கு வந்தபோது’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். புதிதாகக் கட்டிய நாளின் நிலையோ, அடுத்த வாடகைதாரர் கேட்கும் நிலையோ அளவுகோல் அல்ல. 2018 ஜூன் 1 அன்று இருந்த நிலைதான் அளவுகோல்.

இதே பிரிவில் பலரும் பயன்படுத்தாத இன்னொரு வழியும் இருக்கிறது. குத்தகைக் காலத்திலேயே உரிமையாளர் உள்ளே வந்து பார்த்து, குறை இருந்தால் நோட்டீஸ் தரலாம். அந்தக் குறை குத்தகைதாரராலோ அவருடைய ஆட்களாலோ வந்ததென்றால் மூன்று மாதத்துக்குள் அவர் அதைச் சரிசெய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஷெட்டைச் சுற்றிப் பார்த்து ஒரு கடிதம் எழுதியிருந்தால் பாதிச் சண்டை எழுந்திருக்காது. ஆனால் வாடகை வரும்போது யாரும் கூரையைப் பார்ப்பதில்லை.

பழுதுபார்ப்பின் அளவைக் கட்டடத்தின் வயதும் தன்மையும் இருக்கும் இடமும் தீர்மானிக்கும் என்று 1890-லேயே இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘ப்ரௌட்ஃபுட் எதிர் ஹார்ட்’ வழக்கில் சொன்னது. லண்டனில் பணக்காரர்கள் வாழ்ந்த க்ரோவ்னர் சதுக்கத்து வீட்டுக்கும், ஏழைகள் வாழ்ந்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கும் ஒரே பழுதுபார்ப்பு அளவு இல்லை என்பது அங்கே சொன்ன உதாரணம். நம் சாலைக்கும் அது பொருந்தும். எந்திரம் ஓடுவதற்கென்றே வாடகைக்கு விட்ட ஷெட்டின் தரையில் டயர் தடம் இருப்பது சேதமல்ல.

தரை: எண்ணெய் எவ்வளவு, எப்பாக்சி எங்கே?

பொருத்திப் பார்க்கும் வேலையைப் பெரிய தொகையிலிருந்து தொடங்குவோம். ₹18 லட்சம் தரைக்கு. 2018 பதிவில் தரையைப் பற்றி இருப்பது இவ்வளவுதான்: ‘டிரிமிக்ஸ் கான்கிரீட் தரை, மேலே ஹார்டனர். 14 முதல் 17 வரையான கட்டங்களில் முடி விரிசல்.’ எப்பாக்சி என்ற சொல்லே இல்லை. இல்லாததைத் திருப்பித் தர முடியாது. முழுத் தரைக்கும் எப்பாக்சி பூசினால் ஷெட்டின் தரம் கூடும். அந்த மேம்பாட்டுக்கான செலவு உரிமையாளருடையது. முடி விரிசல்களும் முன்பே பதிவானவை, அவையும் போயின.

ஆனால் உரிமையாளர் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. சி.என்.சி. எந்திரங்கள் நின்ற மூலையில் தரை கறுத்திருந்தது. அது மேல் அழுக்கா, உள்ளே இறங்கிய எண்ணெயா என்று பார்க்க எளிய வழி உண்டு. கறுத்த இடத்திலும் பக்கத்துச் சுத்தமான கட்டத்திலும் மேல் தோலை லேசாகத் தேய்த்துவிட்டு, இரண்டிலும் சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். சுத்தமான கான்கிரீட்டில் தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கி அந்த இடம் நிறம் மாறும். எண்ணெய் குடித்த இடத்தில் தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு நிற்கும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு கோர் எடுத்து எண்ணெய் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளந்துவிடலாம்.

இது ஏன் முக்கியம் என்றால், எண்ணெய் இறங்கிய கான்கிரீட்டின் மேல் எந்தப் பூச்சும் ஒட்டாது. சில மாதத்தில் தோல் உரிவதுபோல எழும்பிவிடும். மேற்பரப்பைக் கொத்தி எடுத்து, புதுக் கலவை போட்டால்தான் தரை தரையாகும். 2018-ல் எடுத்த படத்தில் அந்த மூலை சுத்தமாக இருந்தது. அளந்தபோது கறுத்த பகுதி 2,400 சதுர அடி. சதுர அடிக்கு ₹120 வீதம் ₹2,88,000. பதினெட்டு லட்சத்தில் நின்றது அவ்வளவுதான்.

போல்ட்: எண்ணினால்தான் தெரியும்

அடுத்து 480 போல்ட். ரேக்கின் ஒவ்வொரு காலுக்கும் அடித்தட்டு உண்டு, அதைத் தரையில் பிடிக்க இரண்டு போல்ட். காலி செய்யும்போது ஆட்கள் அவசரத்தில் போல்ட்டைத் தரை மட்டத்தில் கிரைண்டரால் அறுத்துவிட்டுப் போவது வழக்கம். பார்வைக்குச் சமமாக இருக்கும். ஒரு மழைக்காலம் போனால் இரும்பு துருப்பிடித்து உப்பி, சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளி விளிம்பைப் பெயர்க்கும். ஃபோர்க்லிஃப்டின் கெட்டி டயர் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அந்தப் பெயர்ப்பு பெரிதாகும். போல்ட்டை நெம்பிப் பிடுங்கினால் கூம்பு வடிவில் கான்கிரீட்டும் சேர்ந்து வந்துவிடும். சரியான முறை, போல்ட்டைச் சுற்றிச் சற்றே குடைந்து, தரைக்குக் கீழே 20 மில்லிமீட்டர் அளவில் அறுத்து, எப்பாக்சி கிரவுட் நிரப்பித் தேய்ப்பது. ஒரு குழிக்கு ₹350 என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டார்கள்.

எண்ணிக்கையில்தான் சிக்கல் வந்தது. 2018 பதிவின் மூன்றாம் பக்கத்தில் யாரோ பேனாவால் சேர்த்த ஒரு வரி: ‘பி–சி தூண் வரிசைகளுக்கு இடையே பழைய போல்ட், அறுத்தது, 96.’ முதல் வாடகைதாரர் விட்டுச்சென்றவை அவை. நேரில் போய்ப் பார்த்தபோது வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பகுதியில் போல்ட் ஜோடிகளின் இடைவெளி வேறு, வரிசைகளின் இடைவெளி வேறு. அது வேறொரு ரேக். 48 கால்கள், 96 போல்ட், பதிவில் இருந்த அதே எண். மிச்சம் 384. ₹1,34,400.

அந்தப் பேனா வரியை எழுதியவர் நிறுவனத்தின் இளநிலைப் பொறியாளராக இருக்கலாம், உரிமையாளரின் மேற்பார்வையாளராக இருக்கலாம். பக்கத்தின் அடியில் இருவர் கையெழுத்தும் இருந்ததால் எழுதியது யார் என்ற கேள்வி எழவில்லை. ஒரு தரப்பு மட்டும் எழுதி வைத்துக்கொண்ட குறிப்பாக இருந்திருந்தால், அந்த 96-க்கே ஒரு நாள் வாக்குவாதம் நடந்திருக்கும்.

குழி: அனுமதிக் கடிதம் பேசுகிறது

எந்திரத்துக்காகத் தோண்டிய மூன்று குழிகளைப் பற்றி ஒப்படைப்புப் பதிவில் எதுவும் இருக்க முடியாது, அவை பிறகு வந்தவை. இங்கே வேறொரு காகிதம் தேவை. உரிமையாளரின் சம்மதமின்றி நிரந்தரக் கட்டுமானம் செய்யக்கூடாது என்கிறது அதே 108-ஆம் பிரிவு. நிறுவனம் 2019-ல் அனுமதி கேட்டு வரைபடம் அனுப்பியிருந்தது. உரிமையாளர் ‘காலி செய்யும்போது மூடித் தர வேண்டும்’ என்ற நிபந்தனையோடு சம்மதித்திருந்தார். ஒப்படைப்புப் பதிவோடு இதுபோன்ற கடிதங்களையும் தேதி வாரியாகக் கோத்து வைப்பது அவசியம். நிபந்தனை எதுவும் இல்லாமல் வெறும் ‘சரி’ என்று பதில் போயிருந்தால், ‘சம்மதித்த மாற்றத்தை ஏன் நான் அழிக்க வேண்டும்?’ என்று கேட்க நிறுவனத்துக்கு வாய்ப்பு கிடைத்திருக்கும்.

பொறுப்பு உறுதியானது. தொகை உறுதியாகவில்லை. ₹4,50,000 என்பது ‘லம்ப்சம்’, அதாவது மொத்தமாக ஒரு தொகை. அளவு இல்லாத தொகையை யாரும் சரிபார்க்க முடியாது. ஒவ்வொரு குழியும் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். மூன்றும் சேர்ந்து 21.6 கன மீட்டர். ஓரங்களை உடைப்பது, அடுக்கடுக்காக நிரப்பித் திமிசு போடுவது, பழைய தரையில் துளையிட்டுக் கம்பி செருகி மேலே கான்கிரீட் போடுவது என வேலையைப் பிரித்து, இரண்டு சிவில் கான்ட்ராக்டர்களிடம் விலை கேட்டபோது குறைந்தது ₹3,20,000. அதுவே நின்றது. கம்பி செருகாமல், மண்ணை ஒரே தடவையில் கொட்டி மூடினால் செலவு இன்னும் குறையும். ஆனால் அடுத்த ஃபோர்க்லிஃப்ட் ஏறியதும் அந்தச் சதுரம் மட்டும் உள்ளே இறங்கும்.

கூரை: பதிவில் இல்லாததால் போனது

இதுவரை காலி செய்தவர் பக்கம் சாய்ந்த பதிவு, கூரை விஷயத்தில் இருவரையும் கைவிட்டது. 2018 பதிவில் கூரையைப் பற்றி இருப்பது ஒரே சொல்: ‘நன்று.’ படம் இல்லை, எண்ணிக்கை இல்லை. இன்று எட்டு இடத்தில் டக்ட் போன ஓட்டைகள். வெளியே சிலிக்கான் பூசி மறைத்திருந்தாலும், உள்ளே விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் பகலில் நட்சத்திரம் தெரியும்.

எட்டும் தங்களுடையதல்ல, முந்தைய ஆளுடையதும் இருக்கும் என்றது நிறுவனம். மறுக்க உரிமையாளரிடம் ஆதாரம் இல்லை. உதவிக்கு வந்தது நிறுவனமே 2019-ல் அனுமதிக்கு அனுப்பிய வரைபடம். அதில் ஐந்து டக்ட் குறித்திருந்தது. ஐந்துக்கு, ஒன்றுக்கு ₹45,000 வீதம், ₹2,25,000 நின்றது. மீதி மூன்றின் ₹1,35,000 உரிமையாளர் கையைவிட்டுப் போனது. உண்மையில் அந்த மூன்றையும் நிறுவனமே போட்டிருக்கலாம். நிரூபிக்க வேண்டியவர் கேட்பவர்தான். ஷெட்டை ஒப்படைக்கும் நாளில் ஏணி எடுக்காமல் ‘நன்று’ என்று எழுதியதன் விலை அது.

வயதும் பழுதும்

பெயின்ட் ஆறு லட்சம் முழுதாகப் போனது. ஆறு ஆண்டு வெயிலிலும் புழுதியிலும் மங்கிய பெயின்டைத் தேய்மானம் என்று சொல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே இல்லை. ‘காலி செய்யும்போது முழுக்கப் பெயின்ட் அடித்துத் தர வேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால் கதை வேறு. இதில் எழுதவில்லை.

வளைந்த ஷட்டர் தேய்மானமல்ல, இடித்த அடையாளம் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் கேள்வி, புது ஷட்டர் வேண்டுமா என்பதே. பார்த்த மிஸ்திரி, ஒரு பக்க கைடையும் ஆறு பட்டைகளையும் மாற்றினால் போதும் என்றார். ₹35,000. பழுதுபார்த்தால் தீரும் இடத்தில் புதுசு கேட்க முடியாது. மாற்றியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தாலும், 12 ஆண்டு ஓடிய ஷட்டருக்குப் பதிலாகப் புதிதின் முழு விலையைக் கேட்பது நியாயமாகாது.

ஜி.எஸ்.டி.யும் ஒரு மாத வாடகையும்

ஜி.எஸ்.டி. ஆறு லட்சத்துச் சொச்சம். உரிமையாளர் வாடகைக்கு வரி வசூலித்துக் கட்டும் பதிவு பெற்றவர். பழுதுபார்க்கும் பில்லில் அவர் கட்டும் வரியை, அந்தச் செலவைச் சொத்துக் கணக்கில் ஏற்றாமல் செலவாக எழுதினால், உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. திரும்ப வரும் பணம் நஷ்டமல்ல. வரவு எடுக்க முடியாத உரிமையாளராக இருந்தால் அவர் வரியையும் சேர்த்துக் கேட்பதில் தவறில்லை. இருவரின் கணக்காளர்களும் பேசி முடிக்க வேண்டிய வரி இது.

ஒரு மாத வாடகை பத்து லட்சம்? அடுத்த வாடகைதாரரின் ஒப்பந்தம் 2024 ஜூலை 15 அன்றுதான் தொடங்குகிறது. வேலைகள் 20 நாளில் முடிந்தன. வேலை இல்லாவிட்டாலும் அந்த நாட்களில் ஷெட் காலியாகத்தான் கிடந்திருக்கும். வேலையால் இழந்த வாடகை என்று ஒரு நாள்கூட இல்லை.

இந்த இடத்தில் 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன ‘கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் எதிர் டெல்லி வளர்ச்சி ஆணையம்’ தீர்ப்பை நினைவில் கொள்ள வேண்டும். 1982-ல் ஏலத்தில் ஒரு மனையை ₹3.12 கோடிக்குக் கேட்ட நிறுவனம் ₹78 லட்சம் முன்பணம் கட்டியிருந்தது. மீதியைக் கட்டவில்லை என்று ஆணையம் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டது. பிறகு அதே மனையை ₹11.78 கோடிக்கு விற்றது. நஷ்டமே இல்லாதபோது முன்பணத்தை வைத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் திருப்பித் தரச் சொன்னது. ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதி வைத்திருந்தாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி நஷ்டத்தை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபிக்கத்தான் வேண்டும். ‘அட்வான்ஸ் என் கையில் இருக்கிறது’ என்பது ஒரு வசதிதான், உரிமையல்ல.

| பட்டியல் வரி | கேட்டது (₹) | நின்றது (₹) |
|---|---|---|
| தரை | 18,00,000 | 2,88,000 |
| போல்ட் குழிகள் | 1,68,000 | 1,34,400 |
| எந்திரக் குழிகள் | 4,50,000 | 3,20,000 |
| கூரை | 3,60,000 | 2,25,000 |
| பெயின்ட் | 6,00,000 | இல்லை |
| ஷட்டர் | 1,60,000 | 35,000 |
| ஜி.எஸ்.டி. | 6,36,840 | இல்லை |
| ஒரு மாத வாடகை | 10,00,000 | இல்லை |
| மொத்தம் | 51,74,840 | 10,02,400 |

அட்வான்ஸில் திரும்பியது ₹49,97,600.

பதினோரு மாதப் பொறி

மேலே சொன்ன கணக்கில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. குத்தகை ஆறு ஆண்டுக்கும் ஒரே பத்திரம், முறையாகப் பதிவு செய்தது. இந்தச் சாலையின் சின்ன ஷெட்களில் பெரும் சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கப் பதினோரு மாத ஒப்பந்தம் போடுவார்கள். முடிந்ததும் இன்னொரு பதினோரு மாதம். இப்படி ஆறேழு காகிதம் சேர்ந்துவிடும். ஒப்படைப்புப் பதிவு முதல் ஒப்பந்தத்தோடு மட்டும் இருக்கும்.

கடைசி ஒப்பந்தம் முடிந்து காலி செய்யும்போது வாடகைதாரர் கேட்பார்: “இந்த ஒப்பந்தம் தொடங்கின அன்னைக்கே குழி இருந்துச்சே, டக்ட் இருந்துச்சே. எந்த நிலையில் வாங்கினேனோ அந்த நிலையில் தர்றேன்.” சட்டம் சொல்லும் ‘கைக்கு வந்த நாள்’ எது, முதல் ஒப்பந்தத்தின் நாளா, கடைசி ஒப்பந்தத்தின் நாளா என்ற கேள்வி வந்துவிடும். இதற்கு மருந்து ஒரே வாக்கியம். ஒவ்வொரு புதுப்பிப்பிலும், ‘சொத்தின் தொடக்க நிலை என்பது இன்ன தேதியிட்ட ஒப்படைப்புப் பதிவில் உள்ள நிலையே’ என்று எழுதி, அந்தப் பதிவின் நகலையும் இணைத்துக் கையெழுத்திட வேண்டும்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யாமல் விட்டால் வேறொரு கதவு மூடும். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, அப்படிப்பட்ட பத்திரத்தின் நிபந்தனைகளை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டுவது கடினம். ‘பெயின்ட் அடித்துத் தர வேண்டும்’ என்று எழுதியிருந்தும் அதை நம்பி வழக்கு நடத்த முடியாமல் போகலாம். அப்போது மிஞ்சுவது 108-ஆம் பிரிவின் பொது விதி மட்டும். ஊரையும் பயன்பாட்டையும் பொறுத்து, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் பொருந்துமா என்பதையும் தொடக்கத்திலேயே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படங்களுக்கும் ஒரு பொறி உண்டு. ஒப்படைக்கும் நாளில் எடுத்த படங்களை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டுப் போனிலிருந்து அழித்துவிடுகிறோம். அனுப்பும்போது படம் சுருங்கி, எடுத்த தேதி போன்ற உள்விவரங்கள் போய்விடுகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் கோப்பின் ‘ஹாஷ்’ எண்ணையும் குறிக்க வேண்டும். எடுத்த மூலக் கோப்பு எடுத்தபடி ஒரு டிரைவில் இருந்தால்தான் இது எளிது. அதைவிட எளிதானது, படத்தை அச்சடித்து, தூண் எண்ணை எழுதி, இருவரும் அன்றே கையெழுத்திட்டுவிடுவது.

ஜப்பான்காரர் கேட்பது

ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-ல் வந்தது. வல்லம் வடகாலில் யமஹா. அவர்களைச் சுற்றி ஜப்பானிய நிறுவனங்கள் வாடகைக்கு ஷெட் தேடுகின்றன. அவர்களின் நாட்டில் இதற்கு ‘கென்ஜோ காய்ஃபுகு’ என்று பெயர், முதல் நிலைக்குத் திருப்புதல். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், ஜப்பானின் சிவில் சட்டம் 621-ஆம் பிரிவு சாதாரணத் தேய்மானத்தையும் வயதால் வரும் மாற்றத்தையும் இந்தக் கடமையிலிருந்து வெளிப்படையாக விலக்கியது. ஆனால் வணிகக் கட்டடங்களுக்கு அதை மீறித் தனி நிபந்தனை எழுதிக்கொள்வது அங்கே வழக்கம். அந்தப் பழக்கத்தில் வரும் மேலாளர், நாம் ஒரு பக்கத்தில் முடிக்கும் ஒப்படைப்புப் பதிவுக்கு அறுபது பக்கம் கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம்.

இங்கிலாந்து இன்னொரு பக்கம் போனது. 1927-ஆம் ஆண்டின் சட்டம் பழுதுபார்ப்பு நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு வைத்தது. பழுதால் சொத்தின் மதிப்பு எவ்வளவு குறைந்ததோ அதற்கு மேல் கேட்க முடியாது. உரிமையாளர் கட்டடத்தை இடிக்கவோ, பழுதுபார்ப்பு பயனற்றுப் போகும்படி மாற்றவோ போகிறார் என்றால் அந்த வேலைக்குப் பணமே இல்லை. இந்தியாவில் அப்படி எழுதிய பிரிவு கிடையாது. ஆனால் நஷ்டத்தை நிரூபி என்ற நம் ஒப்பந்தச் சட்டத்தின் கேள்வியும் பல வழக்குகளில் அதே இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடுகிறது. அடுத்து வருபவர் அந்தக் குழிகளை அப்படியே கேட்டிருந்தால், மூடும் செலவையும் உரிமையாளர் இழந்திருப்பார்.

சண்டைக்கு முன்னும் பின்னும்

காலி செய்வதற்கு இரண்டு மாதம் முன்பே இருவரும் சேர்ந்து பழைய பதிவைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டைச் சுற்றுவது நல்லது. அப்போது தெரிந்தால் வாடகைதாரர் தன் ஆட்களை வைத்தே குழியை மூடிவிடலாம், உரிமையாளரின் விலைப்பட்டியலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. காலி செய்த நாளில் இரண்டாவது சுற்று, இருவர் கையெழுத்தோடு. அதன்பின் யாராவது உள்ளே வேலை தொடங்கிவிட்டால் ஆதாரம் அழிந்துவிடும்.

பேச்சு முறிந்தால் வழிகள் உண்டு. ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்கு இடமிருந்தால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்கீழ் வரும் குத்தகைத் தகராறை நடுவரிடம் கொண்டுபோகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் ‘வித்யா ட்ரோலியா’ வழக்கில் தெளிவாக்கிவிட்டது. இல்லையென்றால் வணிக நீதிமன்றம். தகராறின் மதிப்பு ₹3 லட்சமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், அவசரத் தடை எதுவும் கேட்காவிட்டால் முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். ஒப்பந்த மீறலுக்கு நஷ்டஈடு கேட்க மூன்று ஆண்டுக் கெடு.

அந்த மூன்று ஆண்டுக் கெடுதான் நம் கணக்கில் அடைபடாமல் நிற்கும் 96 போல்ட்டின் கதையும். அவற்றை அறுத்துவிட்டுப் போன முதல் வாடகைதாரரிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கும் காலமும் எப்போதோ கடந்துவிட்டது. இரண்டாமவர் பொறுப்பல்ல. ஒன்றுக்கு ₹350 வீதம் ₹33,600-ஐ உரிமையாளர் தன் பையிலிருந்து எடுத்தால்தான் உண்டு. அவர் எடுக்கவில்லை. 2024 ஜூலை 15 அன்று மூன்றாவது வாடகைதாரரோடு சேர்ந்து எழுதிய பதிவில், இந்த முறை கூரைக்கு மட்டும் பதினோரு படம் இருக்கிறது. தரைப் பக்கத்தில் பழைய வரி அப்படியே இறங்கியிருக்கிறது: ‘பி–சி இடையே பழைய போல்ட், அறுத்தது, 96.’ கீழே ஒரு வரி புதிது: ‘இவற்றில் 11-ஐச் சுற்றித் தரை பெயர்ந்துள்ளது.’